நாலு மழைக்காலம் பார்த்த ரெயின்கோட்

எனக்கு வேலை ஆலங்குளத்தில், வீடு தென்காசியில், நடுவில் பைக். 2021 புரட்டாசியில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய சட்டை, பேன்ட் செட்டில் சட்டை 2024 கார்த்திகையோடு ஓய்வுபெற்றுவிட்டது. பாலியஸ்டர் துணி, உள்பக்கம் தண்ணீரை மறிக்கும் பாலியூரித்தேன், அதாவது பி.யு. கோட்டிங், தையலின் மேல் டேப் ஒட்டியது. லேபிளில் 'வாட்டர்ப்ரூஃப் 5000 மி.மீ' என்று போட்டிருந்தான். துணியின் மேல் ஐந்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு வரை அது உள்ளே விடாது என்று அதற்கு அர்த்தம். ஆனால் அது புதுத் துணியின் கணக்கு. ஜிப்பைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் அந்த எண் மூச்சே விடாது.

நம்ம பக்கத்து மழை ரெண்டு விதம். ஐப்பசி மழை கொட்டும், ஆனால் பெரும்பாலும் மேலிருந்து விழும். அதில் முதல் ரெண்டு வருஷம் ஒரு பொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனி, ஆடிச் சாரல்தான் ஆளை முழிக்க வைத்தது. பார்க்கப் பூ மாதிரி தூறும், ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அதைக் கூடவே தூக்கிக்கொண்டு வரும், நான் சாயங்காலம் வீடு திரும்புவதோ அந்தக் காற்றுக்கு நேர் எதிரே. ஐம்பதில் போனால் தண்ணீர் ஜிப்பின் பல்லுக்கு நடுவில் புகுந்து நெஞ்சில் நீளக் கோடாக ஈரம் காட்டும். ஜிப்பின் மேல் ஒற்றை மடிப்பு மட்டும் இருந்ததுதான் காரணம். ஹெல்மெட்டிலிருந்து வழிகிற தண்ணீர் பிடரியில் இறங்கியதை, கோட்டின் தொப்பியை ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டதும் நிறுத்திவிட்டேன். பேன்ட் கடையில் நின்று பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது, பைக்கில் உட்கார்ந்தால் நாலு விரல் மேலேறி ஷூவுக்குள் தண்ணீர். அதனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

முதல் உண்மையான கசிவு ரெண்டாம் வருஷக் கடைசியில், பேன்ட்டின் தொடைச் சந்தில். நாலு தையல் ஒன்றுகூடும் இடம் அது, கால் தூக்கிப் போடும்போதெல்லாம் இழுபடும். தையல்காரரிடம் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, துணி நல்லாத்தான் இருக்கு, டேப்புதான் எந்திரிச்சிட்டு. நான் தைச்சா இன்னும் நாலு ஓட்டைதான் விழும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரியான மனுஷன். தையல் ஓட்டையை அடைக்கும் பசை, சீம் சீலர் டியூப் வாங்கி, பழைய டேப்பை உரித்துத் துடைத்து, மெல்லிசாகப் பூசி ஒரு நாள் நிழலில் காயவிட்டேன். அந்தப் பேன்ட் இன்றும் ஓடுகிறது.

சட்டை வேறு கதை. மூன்றாம் வருஷம் வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தது. இது உள் கோட்டிங் போனதாகாது, வெளியே தடவியிருக்கும் வேறு பூச்சு தேய்ந்ததுதான். ஆனால் துணி ஊறிக் குளிர்ந்தால் உள்ளே வியர்வை படியும், நமக்கு ஒழுகுகிற மாதிரியே இருக்கும். முதுகு, முன்னங்கை எல்லாம் பனி மாதிரி பரவலாக ஈரம் என்றால் பெரும்பாலும் வியர்வை. கோடாகவோ திட்டாகவோ ஒரே இடத்தில் என்றால் கசிவு.

நாலாம் வருஷம் அந்தச் சந்தேகமும் இல்லை. தோள்பட்டையில் உள்பக்கம் பிசுபிசுவென ஒட்டியது, புளித்த வாடை, நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தோலாக உரிந்தது. தோள் பகுதியைக் குழியாகப் பிடித்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே துண்டு விரித்துப் பத்து நிமிஷம் பார்த்தேன். குழியில் நின்றது ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை, அதாவது 200 மி.மீட்டருக்கும் கீழே. அதற்கே சொட்டியது. 5000 எங்கே, இது எங்கே!

கெடுத்தது மழை என்று சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. ஈரத்தோடு சுருட்டி சைடு பாக்ஸில் திணித்துவிடுவேன், மறுநாள் வெயில் அடித்தால் அந்தப் பெட்டி அடுப்பு. பி.யு. கோட்டிங்குக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது, மெல்ல மெல்லச் சிதைந்து பசையாகிவிடும். பேன்ட்டை ஷூ சேறாக்கும் என்பதால் வீட்டுக்குள் கொண்டுவந்து அலசிக் கொடியில் போடுவேன், அது தப்பித்தது. ஒரே நாளில் வாங்கிய ரெண்டு துணிக்கு ரெண்டு ஆயுள்!

மச்சான் வைத்திருப்பது கனத்த பி.வி.சி. கோட். அதில் இந்தப் பிசுபிசுப்பு இல்லை, காற்றும் உள்ளே போகாது, அதனால் கடையம் போய்வந்தால் குளித்த மாதிரி இறங்குவான். மடித்த இடத்தில் விறைத்து வெடிக்கவும் தொடங்கியிருக்கிறது.

இப்போது புதுச் சட்டை மட்டும் தனியாக வாங்கியிருக்கிறேன், ஜிப்பின் மேல் ரெட்டை மடிப்பு வைத்தது. நெஞ்சில் அந்த ஈரக்கோடு விழுகிறதா என்பது ஆனிச் சாரலில் தெரியும். பழைய சட்டையின் முதுகுத்துணி இன்னும் கெட்டி. வெட்டி பைக் சீட்டுக்கு உறையாகப் போட்டிருக்கிறேன்.