இஎம்ஐ பவுன்ஸ்: குறை பேலன்ஸிலா, மேண்டேட்டிலா, வங்கியிலா?

இஎம்ஐ திரும்பியதும் முதலில் வருவது கடன் கொடுத்த நிறுவனத்தின் எஸ்எம்எஸ். தவணை பவுன்ஸ் ஆனது, அபராதத்தோடு கட்டுங்கள் என்பதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். யார் குறை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பணம் எடுக்கச் சொன்ன கோரிக்கையை உங்கள் வங்கி திருப்பி அனுப்பும்போது கூடவே ஒரு காரணத்தையும் குறிப்பிடுகிறது. தவணைகளைக் கணக்கிலிருந்து தானாக எடுக்க வங்கிகள் பயன்படுத்தும் நாச் அமைப்பு வழியாகப் போகும் எல்லா டெபிட்டுக்கும் இதுதான் முறை. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே யுஎம்ஆர்என் என்ற 20 எழுத்து எண்ணையும் கேளுங்கள், அதுதான் உங்கள் மேண்டேட்டின், அதாவது தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதியின், அடையாளம்.

காரணம் "Balance Insufficient" என்றிருந்தால் குறை பேலன்ஸில் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் எந்த பேலன்ஸ் என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். இஎம்ஐ 8,450 ரூபாய். ஐந்தாம் தேதி ஸ்டேட்மெண்டில் இருப்பு 21,300. பணம் இருந்தும் திருப்பிவிட்டார்கள் என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்த வாரம் ஐபிஓவுக்கு விண்ணப்பித்ததில் 14,820 ரூபாய் முடக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் கணக்கை விட்டுப் போகவில்லை, எடுக்கவும் முடியாது. எடுக்கக்கூடியது 6,480 மட்டுமே. இங்கே வங்கி செய்தது சரி.

நேரமும் இப்படித்தான் ஏமாற்றும். டெபிட் கோரிக்கை வந்த பிறகு அதே நாளில் சம்பளம் ஏறியிருந்தால், நாள் முடிவு இருப்பு உங்களுக்கு உதவாது. 2021 ஆகஸ்ட் முதல் நாச் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. திங்கட்கிழமை காலையில் பணம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

மேண்டேட் பக்கம்தான் குழப்பம் அதிகம். மேண்டேட்டில் அதிகபட்சத் தொகை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாம் பதிவாகியிருக்கும். வட்டி ஏறி இஎம்ஐ அந்த உச்சவரம்பைத் தாண்டினால், கணக்கில் லட்ச ரூபாய் இருந்தாலும் டெபிட் நடக்காது. வரம்பை மீறிய தொகையைக் கேட்டது கடன் நிறுவனம். அந்த அபராதத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்றுதான் நான் வாதாடுவேன். "Payment Stopped by Drawer" என்று வந்தால் நிலைமை வேறு. நிறுத்தச் சொன்னது கணக்குக்காரர் என்று பொருள். நீங்கள் சொல்லவில்லையென்றால், யார் எப்போது சொன்னார்கள் என்று வங்கியிடம் பதிவைக் கேளுங்கள்.

"Mandate Not Received" என்பதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். படித்தவுடன் நாம்தான் படிவத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றும். இது முதல் தவணை என்றால் அதற்கு இடமுண்டு: கையெழுத்தோ பெயரோ பொருந்தாமல் பதிவே நிராகரிக்கப்பட்டிருக்கலாம், அல்லது நிறுவனம் பதிவை முடிக்காமலே டெபிட்டை அனுப்பியிருக்கலாம். பதிவு ஏற்கப்பட்ட தேதியை நிறுவனத்திடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் இதே யுஎம்ஆர்என்னில் ஏற்கெனவே பல தவணைகள் ஒழுங்காகப் போயிருந்தால் விவரங்களில் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் எதையும் மாற்றாதபோது, நேற்று இருந்த மேண்டேட் இன்று காணவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வங்கியின் பதிவேடு. பழைய டெபிட் வரிகளை ஸ்டேட்மெண்டில் குறித்துக் காட்டுங்கள், அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

வங்கியின் குறையை நேராகவே சொல்லும் காரணமும் உண்டு: "Network Failure (CBS)". CBS என்பது வங்கியின் மையக் கணினி அமைப்பு. அப்புறம், அதே தேதிக்கு வங்கி ரிட்டர்ன் கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தன் கணினி இயங்காததற்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் பிடிப்பது நியாயமில்லை. கேஒய்சி பாக்கியால் கணக்கு முடங்கியிருந்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. வங்கி முன்கூட்டியே தெரிவித்ததா என்பதைப் பொறுத்தது அது.

இந்த வித்தியாசம் கட்டணத்தோடு நிற்பதில்லை. 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பணம் போதாமல் திரும்பிய மின்னணுப் பரிமாற்றத்தைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் அதில் இடமுண்டு. தவணை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் வழக்கு நிற்காது. மேண்டேட் காணாமல் போனதற்கும் கணினிக் கோளாறுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால் நோட்டீஸ் வந்தால் அதிலுள்ள காரணத்தை வங்கி கொடுத்த காரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறை யாருடையதாக இருந்தாலும் தவணையை அன்றே வேறு வழியில் கட்டிவிடுங்கள், நாள் தள்ளினால் கடன் வரலாற்றில் ஏறும். கட்டியதை நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், இல்லையென்றால் அதே தவணைக்கு மறுபடி டெபிட் அனுப்பிவிடுவார்கள். பிறகு யுஎம்ஆர்என், தேதி, தொகை, காரணம் நான்கையும் எழுதி வங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.