மலையில் டபுள் கேபின் பிக்கப்: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

கொல்லிமலையில் சோளக்காட்டைத் தாண்டி எங்கள் காடு. மிளகு, வாழை, கொஞ்சம் மரவள்ளி. தார் ரோட்டிலிருந்து வீடு வரை மண் பாதைதான், ஐப்பசியில் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. சரக்கும் இறக்க வேண்டும், அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும். எஸ்யூவியா பிக்கப்பா என்று வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. கடைசியில் டிரைவரோடு ஐந்து பேர் உட்காரும் டபுள் கேபின் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

இந்த வண்டி முக்கால் டன் ஏற்றினால் பதவிசாகப் போகும், காலியாக இருந்தால் துள்ளும். பின்னால் இருப்பது ஒரு டன் தாங்கும் பட்டை ஸ்பிரிங். அது அசைந்து கொடுக்க எடை வேண்டும். காலி வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து மண் பாதையில் வந்த அன்று, "இனி நான் பஸ்ஸிலேயே வருகிறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். டயர் காற்றைக் கவனித்ததில் பாதி சரியானது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் லோடுக்கும் காலிக்கும் பின்சக்கரத்துக்குத் தனித்தனி அளவு போட்டிருப்பார்கள். பலரும் லோடு அளவிலேயே வருஷம் முழுக்க ஓட்டுகிறார்கள். நாங்கள் லோடு இறக்கிய பிறகு காற்றைக் குறைத்துவிடுவோம், அடுத்த லோடுக்கு முன் ஏற்றிக்கொள்வோம்.

ஆனால் உண்மையான விஷயம் பிரேக்கில் இருந்தது. மரவள்ளியைச் சேகோ ஆலைக்குக் கொண்டுபோக காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படிதான் இறங்குவோம். அப்படியும் பாதி மலையில் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும், மிதி கொஞ்சம் பஞ்சு போல உள்ளே போகும். முன் பேட் சீக்கிரமே தேய்ந்துவிடும், பின் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் லைனிங் அப்படியே இருக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து ஒரு கம்பியைக் காட்டினார். பின் அச்சிலிருந்து அந்தக் கம்பி மேலே சேஸிஸில் இருக்கும் ஒரு வால்வுக்குப் போகிறது. லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி வால்வைத் திருகி, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக நிமிர்ந்து நின்றால் குறைக்கும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டி வழுக்கிவிடும். எங்களுக்கு முன் வைத்திருந்தவர் கூடுதல் லோடு ஏற்றுவதற்காகப் பக்கத்துக்கு ஒரு பட்டை அதிகம் போட்டிருந்தார். அதனால் ஒரு டன் ஏற்றினாலும் பின்பக்கம் தாழவே இல்லை. வால்வுக்கு வண்டி எப்போதும் காலிதான், மொத்தச் சுமையும் முன் பிரேக்கின் தலையில்.

கூடுதல் பட்டையைக் கழற்றி, கம்பியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்து, பழைய பிரேக் ஆயிலையும் மாற்றினோம். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், மிதி பஞ்சாவது அதனால்தான். அதற்கப்புறம் கருகல் வாடை இல்லை. காலி ஓட்டத்தில் துள்ளலும் குறைந்தது, அம்மாவும் பஸ் பேச்சை விட்டுவிட்டார்.

சேற்றில் இன்னொரு தொல்லை. பின்சக்கர இழுவை வண்டி, அதிலும் பின்னால் எடை கிடையாது என்றால் ஈரச் செம்மண் ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும். மழைக்காலத்தில் நாலைந்து மணல் மூட்டைகளை அச்சுக்கு நேர் மேலே கட்டி வைத்துவிடுகிறோம், கடைசித் தட்டியோரம் அல்ல. அங்கே வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். பாதை இதைவிட மோசம் என்றால் நாலு சக்கர இழுவை உள்ள வண்டியே வேண்டும்.

காகித விஷயம் சுருக்கமாக. எங்களுடையது சரக்கு வண்டிப் பதிவு, மஞ்சள் போர்டு. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அப்புறம் வருஷா வருஷம். கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் உறுதி செய்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் பின்னால் ஏறிக்கொள்ளலாமா என்பார்கள். சரக்குத் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று மறுத்துவிடுகிறேன்.

லோடு எப்போதாவதுதான் என்றால் எஸ்யூவி வாங்கிக்கொண்டு, லோடுக்கு வாடகை வண்டி பிடிப்பதே மேல். வாரா வாரம் லோடு இருப்பவர்கள் இந்த ரகத்தைப் பழையதாகப் பார்க்கப் போனால், பெயிண்டைப் பார்க்கும் முன் பின்னால் குனிந்து பட்டைகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றா, ஒரு பட்டை மட்டும் புதிதாகத் தெரிகிறதா, வால்வுக் கம்பி இருக்கிறதா அல்லது மேலே தூக்கிக் கட்டிவிட்டார்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.