காலியான சாட்டில் “மெசேஜ் வந்துச்சா?”: வாட்ஸ்அப் பிசினஸ் அனுபவம்

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் எங்கள் கடைக்குச் சில வருஷமாக வாட்ஸ்அப் பிசினஸ்தான் பயன்படுத்துகிறோம். புரூஃப் அனுப்புவது, திருத்தம் வாங்குவது எல்லாம் அதில்தான். தெரியாத நம்பரிலிருந்து முதல் வரியாகவே “நான் அனுப்புனது வந்துச்சா?” என்று அடிக்கடி வரும். மேலே பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இதற்குப் பேச்சுவாக்கில் “வந்துச்சுங்க” என்று சொல்லிவிடுவது ரொம்ப ஆபத்து. ஒரு அம்மா இப்படித்தான் கேட்டார். எங்கள் பதில் இது: “வணக்கம்மா. இந்த நம்பருக்கு உங்ககிட்டேருந்து வந்த முதல் மெசேஜே இதுதான், இதுக்கு முன்னாடி எதுவும் வரலை. எந்த நம்பருக்கு அனுப்புனீங்க? யார் பேர்ல ஆர்டர் இருக்கு? திருத்தம் ஏதாவதுன்னா திரும்ப இங்கேயே அனுப்புங்க, பார்க்காம அச்சுக்குப் போகாது.”

அவர் பதில் எழுதிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: முகூர்த்த நேரம் மாறியிருக்கிறது. அதை முந்தின நாளே அவர் தம்பி போனிலிருந்து எங்கள் டிசைனரின் சொந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஒரே ஒரு டிக். அப்படியென்றால் மெசேஜ் அவர்கள் போனைவிட்டுப் போய்விட்டது, டிசைனர் போனில் இன்னும் இறங்கவில்லை. இரண்டு சாம்பல் டிக் விழுந்தால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. நீல டிக் இல்லை என்பதால் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, சிலர் அதை அணைத்து வைத்திருப்பார்கள். நாங்கள் “வந்துச்சு” என்று சொல்லியிருந்தால் பழைய நேரத்தோடு பத்திரிகை அச்சாகியிருக்கும். வெறுமனே “வரலை” என்று நிறுத்தியிருந்தால் அவர் பதறியிருப்பார்.

பேரைக் கேட்க வேண்டுமே தவிர நாமாக ஊகிக்கக் கூடாது. “ரமேஷ் கல்யாணமா?” என்று எடுத்துக் கொடுத்தால் இன்னொரு வீட்டு விஷயம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும். ஏமாற்றுகிறவர்களும் இதே மாதிரிதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விஷயத்தைச் சொல்லாமல் ஓடிபி கேட்டாலோ லிங்க் அனுப்பினாலோ அதோடு பிளாக்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் தானியங்கி வரவேற்புச் செய்தி. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். அதில் “உங்கள் மெசேஜ் கிடைத்தது, நன்றி” என்று இருந்தால், “வந்துச்சா?” என்று கேட்டவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார். எங்களுடையதில் “வணக்கம். உங்கள் பெயர், ஆர்டர் விவரம் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறோம்” என்று மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன பதிலையும் விரைவுப் பதிலாகச் சேமித்திருக்கிறோம். சாய்கோடு போட்டுத் தேர்ந்தெடுத்தால் முழுசாக வந்து நிற்கும், யார் கவுண்டரில் இருந்தாலும் ஒரே பதில்தான் போகும்.

திருத்தம் திரும்ப வந்ததும் “கிடைத்தது” என்று மட்டும் எழுதுவதில்லை. “முகூர்த்தம் காலை 9 முதல் 10.30 என்று மாற்றுகிறோம், சரிதானே?” என்று விஷயத்தையே எழுதிக் கேட்கிறோம். அவர் “சரி” என்று போட்ட பிறகுதான் அச்சுக்கான பிளேட் போடுவோம்.