மூன்று பேரைக் கேட்பதா, மூன்று வழியில் பார்ப்பதா?

பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகிறவர்கள் எழுதும் தனியாள் ஆய்வுகளில் 'முக்கோணச் சரிபார்ப்பு செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும், அதாவது ஒரே விஷயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்திலிருந்து பார்த்து உறுதி செய்தோம் என்று. ஆனால் ஆசிரியர், பெற்றோர், மாணவர் என்று மூன்று பேரிடம் பேட்டி எடுத்தோம் என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். அமெரிக்கச் சமூகவியலாளர் நார்மன் டென்சின் 1970-இல் இந்தச் சரிபார்ப்பை நான்கு வகையாகப் பிரித்தார்: தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை. பள்ளியில் இரண்டு மூன்று வாரம் மட்டுமே இருக்கப்போகும் ஒருவருக்கு உண்மையான போட்டி இவற்றில் இரண்டுக்கு நடுவில்தான். ஒரே கேள்வியைப் பலரிடம் கேட்பது ஒன்று. பேட்டி, நேரடிக் கவனிப்பு, நோட்டுப் புத்தகம் என்று வேறு வேறு முறைகளில் பார்ப்பது இன்னொன்று.

இப்படி ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, நான்காவது பெஞ்ச், கணக்கில் திடீரென்று மதிப்பெண் குறைந்திருக்கிறது.

முதல் வழியில் போனால் கணக்கு ஆசிரியர், "கவனமே இல்லை சார்" என்கிறார். வகுப்பாசிரியரும் அதையேதான் சொல்கிறார். அம்மாவோ, "டீச்சர் சொன்னாங்க, கிளாஸ்ல கவனிக்கிறதே இல்லையாம். ஆனா வீட்டில கதைப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டான்" என்கிறார். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது, முடிவு 'கவனக்குறைவு' என்று எழுதிவிடலாம். கதைப் புத்தகம் பற்றிய வரி 'தாய் மகனுக்குப் பரிந்து பேசுகிறார்' என்று ஓரமாகப் போய்விடும்.

தவறு இங்கேதான் நடக்கிறது. முக்கோணம் என்ற சொல் நில அளவையிலிருந்து வந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய, இந்தியாவை அளக்கும் பெரிய பணியும் இந்த முறையில்தான் நடந்தது. தூரத்துப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று இருமுறை பார்த்தால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும், புள்ளி கிடைக்காது. இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் பேசிக்கொள்கிறவர்கள். அம்மா சொன்னது ஆசிரியரிடம் கேட்டது. அதாவது மூன்று குரலுக்கும் மூலம் ஒன்றுதான். பேட்டி எடுக்கும்போது "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் இது உடனே வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வழியில் கணக்கு நோட்டை வாங்கி, மூன்று வாரக் கணக்குகளை இரண்டாகப் பிரிக்கிறோம்: கரும்பலகையைப் பார்த்து எழுதியவை, பாடநூலைப் பார்த்து எழுதியவை. பலகைக் கணக்கு 30-இல் 14 தப்பு, அதில் 11 இடத்தில் எண்ணே மாறியிருக்கிறது: 8 இருக்க வேண்டிய இடத்தில் 3, 6 இருக்க வேண்டிய இடத்தில் 5. பாடநூல் கணக்கு 32-இல் 4 தப்பு, எண் ஒன்றுகூட மாறவில்லை. கவனக்குறைவுதான் காரணம் என்றால் பாடநூலிலிருந்து எழுதும்போதும் எண் மாறியிருக்க வேண்டுமே?

அப்புறம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் குறிப்பை நான் கணக்கில் எடுக்க மாட்டேன், புது ஆள் இருக்கிறார் என்று பிள்ளைகள் மாறி நடந்துகொள்வார்கள். அதன் பிறகு, நிமிடத்துக்கு ஒரு முறை அவன் என்ன செய்கிறான் என்று குறிக்கிறோம். பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பது ஆசிரியர் பலகையில் எழுதும் நேரத்தில் மட்டும் வருகிறது. முடிந்தால் இன்னொரு பயிற்சி ஆசிரியரும் தனியே குறிக்கட்டும். 40 நிமிடத்தில் 34 ஒத்துப்போனால் 85 சதவீதம், நம்பலாம். 25 தான் ஒத்துப்போகிறது என்றால் 'எட்டிப் பார்த்தல்' என்றால் என்ன என்பதையே இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது அம்மா சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பக்கத்தில் இருப்பது தெரிகிறது, தூரத்தில் இருப்பது தெரியவில்லை. முதல் வழியில் இடைஞ்சலாக இருந்த அதே வரி இங்கே முக்கியச் சான்றாகிறது. அவனை ஒரு வாரம் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, எண் மாறுவது குறைகிறதா என்று பார்க்கலாம். 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டையை வைத்து ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்லலாம். உறுதி செய்ய வேண்டியவர் கண் மருத்துவர்.

இரண்டாவது வழிக்கு நேரம் அதிகம் பிடிக்கும். நோட்டும் பொய் சொல்லும். நண்பனைப் பார்த்து எழுதிய பக்கங்களை அவனிடமே கேட்டு ஒதுக்க வேண்டும். வீட்டில் சண்டை, நண்பர்களோடு மனத்தாங்கல் போன்ற காரணங்கள் எந்த நோட்டிலும் இருக்காது, அங்கே பேட்டிதான் வழி. ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் முதலில் நோட்டையும் கவனிப்பையும் முடித்துவிட்டு, அதில் எழுந்த கேள்விகளோடுதான் பேட்டிக்குப் போவேன். முதலிலேயே 'கவனமே இல்லை' என்று கேட்டுவிட்டால், வகுப்பில் பார்க்கும்போது கண்ணுக்கு அதுதான் தெரியும்.

ரெக்கார்டில் எழுதும்போது 'பலகையிலிருந்து எழுதும்போதுதான் எண் மாறுகிறது. பார்வைக் குறைபாடு இருக்கலாம். முன் பெஞ்சுக்கு மாற்றியும் எண் மாறுவது குறையாவிட்டால் இந்த முடிவு நிற்காது' என்ற அளவில் எழுதினால் போதும். அந்த வகுப்பில் கணக்கில் பின்தங்கிய மற்றப் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.