மூளையுறை அழற்சி சந்தேகம்: செஃப்ட்ரியாக்சோன் கூட்டா, மெரோபெனெமா?

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, மந்தம் என்று ஒருவர் வந்து, பாக்டீரியா மூளையுறை அழற்சி என்ற சந்தேகம் எழுந்தால், கிருமி எது என்று தெரிவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும். எதில் தொடங்குவது என்பதில் எங்கள் அவசரப் பிரிவில் இரண்டு கட்சி உண்டு. செஃப்ட்ரியாக்சோனுடன் வான்கோமைசின் சேர்த்துக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம். நேராக மெரோபெனெமுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். பெரியவர்களுக்கான சிகிச்சை முறையை எழுதும் வேலை என்னிடம் வந்தபோது முதல் கட்சியைத்தான் தேர்ந்தேன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

மெரோபெனெம் நல்ல மருந்து. எட்டு மணிக்கொரு முறை 2 கிராம் கொடுத்தால் மூளைத் தண்டுவட நீருக்குள் போதுமான அளவு போய்ச் சேரும். மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் தொற்றுக்கும், வேறு மருந்துகளுக்கு அடங்காத கிராம் நெகடிவ் கிருமிகள் இருக்கலாம் என்று நினைக்கும் இடத்திலும் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் வெளியிலிருந்து நேராக வரும் நோயாளிக்குப் பெரும்பாலும் காரணம் நியூமோகாக்கஸ் அல்லது மெனிஞ்சோகாக்கஸ். இவற்றுக்கு செஃப்ட்ரியாக்சோன் போதும். அதற்கு அடங்காத நியூமோகாக்கஸ் இருந்தால் மெரோபெனெமையும் முழுதாக நம்ப முடியாது, அப்போதும் வான்கோமைசின் சேர்க்கத்தான் வேண்டும். இன்னொன்றும் உண்டு. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மெரோபெனெம் கொடுத்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு வேகமாகச் சரியும். வலிப்பு வரக்கூடிய நோயில் அது பெரிய சங்கடம்.

செஃப்ட்ரியாக்சோன் எட்டாத ஒரு கிருமி லிஸ்டீரியா. 50 வயதைத் தாண்டியவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அதற்காக ஆம்பிசிலின் சேர்க்கிறோம். நான்கு மணிக்கொரு முறை 2 கிராம்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: மருந்து உடலுக்குள் போய் முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பது.

தண்டுவட நீர் கிருமிகளுக்கு வசதியான இடம். ரத்தத்தில் கிருமியைப் பிடித்துக் கொடுக்கும் எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அங்கே மிகக் குறைவு. வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்தாலும் அவற்றால் கிருமியைச் சரியாக விழுங்க முடிவதில்லை. அதனால் கிருமி தடையின்றிப் பெருகும். கூடவே அழற்சி ஏறும், மூளை வீங்கும், ரத்தக் குழாய்கள் அடைபடும், உள்காது கெடும். நாம் காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் இந்தச் சங்கிலி நீள்கிறது.

ஸ்வீடனில் 2009இல் வழிகாட்டுதலை மாற்றினார்கள். மந்த நிலை ஒன்றை மட்டும் காரணம் காட்டி, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். அதன் பலனை 2015இல் வெளியான ஆய்வு பார்த்தது. சிகிச்சை முன்பைவிடச் சுமார் 1.2 மணி நேரம் சீக்கிரம் தொடங்கியிருந்தது, இறப்பும் குறைந்திருந்தது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இறப்பு வாய்ப்பு ஒப்பளவில் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடியது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. சீட்டுக் குலுக்கி ஒரு பாதிப் பேருக்கு மருந்தைத் தாமதப்படுத்திப் பார்க்கும் சோதனையை யாரும் செய்ய முடியாது. ஆகவே இது நடந்ததைத் திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு. துல்லியமான எண்ணை அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் போகும் திசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து போய்விட வேண்டும் என்று 2016இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்கிறது.

இப்போது ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62, எடை 70 கிலோ, காலை முதல் காய்ச்சல், பேச்சு குழறுகிறது, கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார். எட்டு மணிக்கு வருகிறார்.

8.10க்கு சந்தேகம் எழுகிறது. இரண்டு கைகளிலும் ஊசிவழி போட்டு, 8.20க்குள் ரத்தக் கல்ச்சருக்கு இரண்டு செட் எடுத்துவிடலாம். உடனே டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி. இதை முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுக்க வேண்டும். கிருமிகள் செத்து உடையும்போது அழற்சி மேலும் ஏறும், அதைத் தணிக்கத்தான் இந்த ஏற்பாடு. அடுத்து செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், 20 மி.லி. ஊசி நீரில் கரைத்து, ஐந்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில். 8.30க்கு முடிந்துவிடும். சொட்டாக ஏற்றுவதுதான் உங்கள் இடத்து வழக்கம் என்றால் அரை மணி நேரம் ஆகும், அப்போதும் ஒன்பதுக்குள் முடியும். பிறகு ஆம்பிசிலின். கடைசியாக வான்கோமைசின்.

இந்த வரிசை ஏன் என்றால், வான்கோமைசினை வேகமாக ஏற்ற முடியாது. முதல் அளவு கிலோவுக்கு 25 மி.கி. என்றால் இவருக்கு 1,750 மி.கி. நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போனால் உடல் சிவந்து அரிப்பெடுக்கும், ரத்த அழுத்தம் சரியும். ஆகவே ஏறி முடியக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒரே ஊசிவழி இருந்து, மருந்துச் சீட்டில் மேலே எழுதியிருக்கிறது என்று செவிலியர் வான்கோமைசினை முதலில் மாட்டிவிட்டால், கிருமியை வேகமாகக் கொல்லும் மருந்து பதினொன்றரை மணிவரை காத்திருக்கும். சார்ட்டைப் பார்த்தால் ‘ஆன்டிபயாடிக் தொடங்கிய நேரம் 8.25’ என்று அழகாக இருக்கும். அதனால் தொடங்கிய நேரத்தை மட்டும் பார்க்காமல், செஃப்ட்ரியாக்சோன் முடிந்த நேரத்தையும் நான் பார்ப்பேன். செஃப்ட்ரியாக்சோனையும் வான்கோமைசினையும் ஒரே குழாயில் கலக்கவும் கூடாது, படிந்துவிடும். நடுவே சலைனால் குழாயைக் கழுவ வேண்டும். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள திரவத்தோடும் செஃப்ட்ரியாக்சோன் சேரக்கூடாது.

சி.டி.யை இதற்கப்புறம்தான் பார்ப்பேன். நோயாளி இவ்வளவு மந்தமாக இருந்தால் பல இடங்களில் முதலில் ஸ்கேன், பிறகு முதுகு நீர், அதற்குப் பின்தான் மருந்து என்று போவார்கள். ஸ்கேன் ஒன்பதுக்கு, முடிவு ஒன்பதே முக்காலுக்கு, முதுகு நீர் பத்தே காலுக்கு என்றால் மருந்து ஏறவே பத்தரை ஆகிவிடும். மருந்து முதலில் போனால் கல்ச்சர் கெட்டுவிடும் என்ற கவலை நியாயமானதுதான். மெனிஞ்சோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தண்டுவட நீரிலிருந்து மறையலாம், நியூமோகாக்கஸ் இன்னும் சில மணி நேரம் தாங்கும். ஆனால் அணுக்களின் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை மூன்றும் அவ்வளவு சீக்கிரம் இயல்புக்குத் திரும்புவதில்லை. பி.சி.ஆர். செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும். ரத்தக் கல்ச்சரோ ஏற்கெனவே கையில் இருக்கிறது.

என் அனுபவம் பெரியவர்களோடுதான். பிறந்த சில வாரக் குழந்தைகளுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அங்கே ஆம்பிசிலினோடு செஃபோடாக்சிம் அல்லது ஜென்டமைசின் போகும். மஞ்சள் காமாலையைக் கூட்டலாம் என்பதால் செஃப்ட்ரியாக்சோனைத் தவிர்ப்பார்கள். பெனிசிலினுக்கு முன்பு மூச்சடைத்து விழுந்தவருக்கு எதைக் கொடுப்பது என்பதிலும் நான் கண்டது கொஞ்சம்தான். வான்கோமைசினோடு மாக்ஸிஃப்ளாக்சாசின் சேர்ப்பது ஒரு வழி. சிறு வயதில் தோலில் தடிப்பு வந்தது என்ற பழைய கதைக்காக மட்டும் செஃப்ட்ரியாக்சோனை நான் விடமாட்டேன்.