றப்பர் வளையம் போட்டு நலமடிப்பதாக வீடு தேடி வருபவர்கள் குறித்து ஆடு வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கிடாய்க்குட்டிகளுக்கு இரத்தம் சிந்தாமல் நலமடித்து, அதே நேரத்தில் ஏற்பூசியும் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் முல்லைத்தீவு மாவட்டத்தின் எங்கள் பகுதிக் கிராமங்களில் மோட்டார் சைக்கிளில் சுற்றிவருகிறார். அவர் வேலை செய்த எங்கள் பட்டியில் இரண்டு குட்டிகள் ஏற்புவலி வந்து இறந்தன. இன்னொரு குட்டிக்கு வளையம் ஒரு விதையை மட்டுமே பிடித்திருந்தது. மற்றது மேலே ஏறி வயிற்றோடு ஒட்டி நின்றது. அவர் செய்தவற்றில் எது பிழை என்பதை மிருக வைத்தியர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அதே வாக்குறுதியோடு யாராவது உங்கள் படலையைத் திறக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதற்பிழை வயது. இறுக்கமான சிறிய றப்பர் வளையத்தை இடுக்கியால் விரித்து, விதைப்பையின் கழுத்தில் விடுவதே இந்த முறை. இது பிறந்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் குட்டிக்கு மிகவும் பொருந்தும். அதிலும் குட்டி எழுந்து நின்று, கடும்புப்பாலை வயிறாரக் குடித்த பின்னரே செய்ய வேண்டும். அந்த வயதில் விதைப்பை மெல்லியதாக இருப்பதால் இரத்த ஓட்டம் முழுதாக நின்று, பை காய்ந்து சுருங்கி, சில வாரங்களில் தானாக விழுந்துவிடும். எங்கள் குட்டிகளோ நான்கு, ஐந்து மாதம் ஆனவை. தடித்த கழுத்தில் அந்தச் சிறிய வளையத்தை மாட்டினால், வெளியே வரும் இரத்தம் தடைப்பட்டு உள்ளே போகும் இரத்தம் ஓரளவு தொடர்ந்துகொண்டிருக்கும். இதனால் பை காய்வதற்குப் பதிலாக வீங்கிக் கனத்து, வளையம் தோலை வெட்டி உள்ளே புதைந்து, நாற்றமடிக்கும் ஈரப்புண்ணாக மாறுகிறது. குட்டியும் நாட்கணக்கில் வேதனைப்படுகிறது. “எந்த வயதுக்கும் இதே வளையம்தான்” என்று அவர் துணிந்து சொன்னது எங்களை ஏமாற்றிய முதலாவது வார்த்தை.

அவசரத்தில் அவர் கையால் தடவிப் பார்க்காததே ஒரு விதை தப்பியதற்குக் காரணம். வளையத்தை விடுமுன் இரண்டு விதைகளும் கீழே இறங்கியிருப்பதை விரல்களால் உணர வேண்டும். விட்ட பின்னும், இரண்டும் வளையத்துக்குக் கீழே இருக்கின்றனவா, முன்னால் உள்ள சிறு காம்புகள் வளையத்துக்குள் அகப்படாமல் இருக்கின்றனவா என்று மீண்டும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

ஆனால் குட்டிகளைக் கொன்றது ஏற்பு. ஏற்புக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் உயிரோடு கிடப்பவை. மாடும் ஆடும் ஒரே வளவில் படுக்கும் நமது கொட்டில்களில் அவை இல்லாத இடம் அரிது. காற்றுப் படாத, இரத்தம் வராத, செத்த சதையில்தான் அக்கிருமி பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. வளையத்துக்குக் கீழே அழுகிக்கொண்டிருக்கும் விதைப்பை அதற்கு வேண்டிய அனைத்தையும் கொடுக்கிறது. ஆகவே மற்ற முறைகளைவிட வளைய முறையில் ஏற்புத் தடுப்பு மிகவும் கட்டாயமானது.

அந்த ஆள் “ஏற்பூசி” என்று சொல்லி ஒவ்வொரு குட்டிக்கும் மஞ்சள் நிற மருந்து ஒன்றைச் செலுத்தி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். அவர் விட்டுச்சென்ற வெற்றுக்குப்பியை மிருக வைத்தியரிடம் காட்டியபோது, அது ஒக்ஸிரெற்றாசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்பது தெரிந்தது. கிருமி ஏற்கனவே உண்டாக்கி விட்டிருக்கும் நஞ்சை அது முறிக்காது; ஏற்பூசிக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது. உண்மையான ஏற்பு மருந்தை எப்போதும் ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையிலிருந்தோ, வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிள் பையிலிருந்தோ குப்பியை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குப்பியில் ‘ரெற்றனஸ்’ என்ற பெயரையும் காலாவதித் திகதியையும் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

ஏற்பு மருந்து இரண்டு வகைப்படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து உடனே வேலை செய்யும், ஆனால் அதன் காவல் ஏறத்தாழ இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். தடுப்பூசி மெதுவாக வேலை செய்யும். மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டாம் ஊசியும் போட்ட பின்னரே அதன் காவல் உறுதியாகும். வளையம் போட்ட பை விழுவதற்கு மூன்று, நான்கு வாரமோ அதற்கு மேலோ செல்லலாம் என்பதால், நஞ்சுமுறி மருந்தை மட்டும் போட்டால் புண் ஆறுவதற்குள் காவல் தீர்ந்துவிடக்கூடும். அதனால் தடுப்பூசி போடாத தாயின் குட்டிக்கு இரண்டையும் ஒரே நாளில், வெவ்வேறு ஊசிகளால், உடலின் வெவ்வேறு இடங்களில் போடச் சொல்கிறார்கள். இதைவிட மலிவான வழி, மறியாடு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு அதற்குத் தடுப்பூசி போடுவதாகும். காவல் கடும்புப்பாலின் வழியே குட்டிக்குக் கிடைத்து முதல் சில வாரங்களைத் தாண்ட வைக்கும்.

எங்கள் குட்டிகளுக்கு நோய் இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. முதலில் பின்னங்கால்களை மடக்காமல் விறைத்து நடந்தன. பிறகு காதுகள் நிமிர்ந்து நின்றன, வால் தூக்கியபடி இருந்தது, கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்சவ்வு பாதிக்கண் வரை ஏறியது. வாய் திறக்கவில்லை, தகரம் தட்டிய சத்தத்துக்கே உடல் வில்லாய் வளைந்தது. தொலைபேசியில் அழைத்தபோது, இது வயிற்றுப் பொருமல், இஞ்சிச்சாறு பருக்குங்கள் என்றார் அந்த ஆள். தாடை பூட்டிய குட்டிக்கு எதையும் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் குட்டியை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். தாமதித்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு மாதம் கடந்து, விதைக்கயிறு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும் குட்டிக்கு நசுக்கும் இடுக்கியே ஏற்றது. தோல் கிழியாததால் புண் இல்லை, ஏற்பு அபாயமும் மிகக் குறைவு. ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியே பிடித்து, சுமார் பத்து விநாடி அழுத்தி வைக்க வேண்டும். இரு பக்கத் தழும்புகளும் நடுவில் ஒன்றோடொன்று சேரக்கூடாது, சேர்ந்தால் முழுப்பைக்கும் இரத்தம் அறுந்து அழுகிவிடும். சில நாள் வீக்கம் இருக்கும். ஆறு வாரம் கழித்துத் தடவிப் பார்த்து, விதைகள் சுருங்கிச் சிறுத்திருந்தால் வேலை சரி; அதுவரை மறிகளோடு விட வேண்டாம். கத்தியால் திறந்து எடுப்பது உறுதியான முறைதான், ஆயினும் விறைப்பு மருந்தோடு மிருக வைத்தியரே செய்ய வேண்டும். மாரி மழையில் கொட்டில் சேறாகக் கிடக்கும்போதும் இலையான் மொய்க்கும் காலத்திலும் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்தப் புண்ணிலும் சாம்பல், சாணம், பழைய எஞ்சின் ஒயில் பூச வேண்டாம். அயடீன் கரைசல் போதும்.

எஞ்சிய குட்டிகளுக்கு மிருக வைத்தியர் விறைப்பு மருந்து கொடுத்து, வளையத்தோடு செத்த பகுதியை வெட்டியெடுத்து, சீழ் வடியும்படி புண்ணைத் திறந்த நிலையில் விட்டு, நஞ்சுமுறி மருந்தும் தடுப்பூசியும் போட்டார். வயது மிஞ்சிய குட்டிக்கு யாராவது ஏற்கனவே வளையம் போட்டிருந்தால், அது வீங்கும்வரை காத்திருக்காமல், நீங்களே வளையத்தை வெட்டிவிடாமல், குட்டியையும் கிடைத்தால் ஊசிக்குப்பியையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.