படம் போனதா, போனிலேயே நிற்கிறதா? படிவம், வாட்ஸ்அப், ஜிமெயில்

ஒட்டுசுட்டானைத் தாண்டி முத்தையன்கட்டுப் பக்கம் போனால் சிக்னல் ஒரு கோட்டில்தான் நிற்கும். யானை மிதித்த வயலைப் படம் எடுத்து, பெரியப்பாவுக்காக ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தில் ஏற்றினேன். திரையில் படம் சின்னதாகத் தெரிந்தது. "தம்பி, போட்டுதோ?" என்றார். "ஓம் பெரியப்பா" என்றேன். இரண்டு கிழமைக்குப் பிறகு, விண்ணப்பம் வந்திருக்கிறது, படம் வரவில்லை என்றார்கள்.

படிவத்தை நம்புவதுதான் மூன்றிலும் கடினம். தேர்ந்தெடுத்த உடனே தெரியும் சின்னப் படத்தைப் பெரும்பாலும் நம் போனே காட்டுகிறது; அது அங்கே போனதற்குச் சாட்சி அல்ல. 100% என்று கோடு நிரம்பினாலும் அப்படித்தான். அதற்குப் பிறகு மறுமுனையிலிருந்து பதில் வரவேண்டும், அதற்குள் இணைப்பு அறுந்தால் பல படிவங்கள் ஒன்றும் சொல்வதில்லை. இறக்குவதற்குக் கிடைக்கும் வேகமும் ஏற்றுவதற்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் கோபுரத்தின் பலம் போனுக்கு இல்லை. நொடிக்கு 100 கிலோபிட் என்றால் 4 எம்பி படம் போக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 400 கேபி ஆகச் சுருக்கினால் அரை நிமிடம்தான்.

வாட்ஸ்அப் படத்தைத் தானே சுருக்கி அனுப்புவதால் வேகம். நிலைமையையும் ஒளிக்காமல் காட்டும். கடிகாரம் தெரிந்தால் இன்னும் போகவில்லை. ஒரு சரி அடையாளம் வந்தால் படம் அவர்களுடைய சேவையகத்தை அடைந்துவிட்டது. இரண்டு வந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: அந்தப் பக்கத்துப் போனுக்குச் செய்தியும் மங்கலான ஒரு மாதிரியும் போயிருக்கும், முழுப்படத்தை அவர் இன்னும் இறக்காமல் இருக்கலாம். "திறந்து பார்த்தனீங்களோ?" என்று கேட்டுவிடுங்கள். யானையின் கால் தடம் போல நுணுக்கம் தெரியவேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், சுருங்காது. ஆனால் நேரம் எடுக்கும்.

ஆதாரம் கையில் வேண்டும் என்றால் எனக்கு ஜிமெயில்தான். அது சிக்னல் வரும்வரை காத்திருந்து தானே திரும்பத் திரும்ப முயலும். `Queued` என்றோ `Outbox` என்றோ இருந்தால் அஞ்சல் இன்னும் போனில்தான். `Sent` இல் வந்த பிறகு, அதே கணக்கை வேறு போனில் திறந்து இணைப்பைத் தட்டிப் பாருங்கள். அங்கே படம் முழுதாக விரிந்தால் நம் பக்க வேலை முடிந்தது. முகவரி பிழை என்றால் திருப்பி ஓர் அஞ்சல் வரும், அதையும் பார்க்கவேண்டும்.

அலுவலகம் படிவத்தைத்தான் கேட்கும் என்றால் வேறு வழியில்லை. இரண்டாம் முறை படத்தைச் சுருக்கி, சந்திக்கு வந்து ஏற்றி, பதிவு எண் திரையில் வரும்வரை பக்கத்தை மூடாமல் இருந்தேன். பிறகு வவுனியாவில் இருக்கும் மச்சானிடம் எண்ணைச் சொல்லி, அவனுடைய போனில் விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னேன். "வரம்பு உடைஞ்சு கிடக்கு, பக்கத்தில பெரிய கால் தடம்" என்றான். அதற்குப் பிறகுதான் பெரியப்பாவிடம் ஓம் என்றேன்.